முட்டி வலிக்கும்போது நாம் என்ன சொல்வோம்?

“முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டில் பயிற்சி செய்பவர்களுக்கான ஒரு செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘ஹேங் இன் தேர்’, ‘யூ ஹாவ் காட் திஸ்’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. ‘உறுதியாக இருங்கள்’, ‘உங்களால் முடியும்’ என்று போட்டேன். அம்மாவிடம் காட்டினால் யாரோ மேடையில் பேசுவது மாதிரி இருக்கிறது என்கிறார். நம் ஆட்கள் நிஜமாக என்ன சொல்வார்கள்?”

அந்த ஆங்கிலப் பட்டியலை முதலில் மூடி வையுங்கள். ஒவ்வொரு வரியும் எந்த நேரத்தில் திரையில் வருகிறது என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இந்த மாதிரி செயலிகளில் வழக்கமாக நாலு நேரம் இருக்கும்: பயிற்சி தொடங்குவதற்கு முன், தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகள், இரண்டு நாள் விட்டுப்போய்த் திரும்பத் திறக்கும்போது, அப்புறம் வலி எவ்வளவு என்ற கேள்விக்கு ‘ரொம்ப’ என்று அழுத்தியவுடன். ஆங்கிலத்தில் எழுதியவர் இந்த நாலுக்கும் அந்த இரண்டு தொடரையே மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பேற்றியிருப்பார், அங்கே அது உறுத்தாது. தமிழில் உறுத்தும். ஏனென்றால் நாம் ஒருவருக்குத் தைரியம் சொல்லும்போது பாரத்தை யார் தோளில் வைக்கிறோம் என்பது நேரத்துக்கு நேரம் மாறிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் போட்ட இரண்டு வரியையும் பாருங்கள். உறுதியாக இருக்க வேண்டியது நோயாளி, முடிக்க வேண்டியதும் நோயாளி. இப்போது ஆஸ்பத்திரி வார்டில் பார்வை நேரத்தில் கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்கள் சொல்வதை நினைத்துப் பாருங்கள். “எல்லாம் சரியாயிடும்.” “நாங்க இருக்கோம்ல.” “பாத்துக்கலாம்.” “முருகன் கைவிட மாட்டான்.” இந்த நாலு வாக்கியத்தில் முதலாவதில் காரியம் தானாகவே நடக்கிறது, இரண்டாவதில் வந்திருப்பவர்கள் பொறுப்பேற்கிறார்கள், மூன்றாவதில் எல்லோரும் சேர்ந்து, கடைசியில் கடவுள். படுத்திருப்பவர் செய்ய வேண்டியது என்று எதிலும் தனியாக ஒன்றும் இல்லை. அவர் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு மேடை ஞாபகம் வந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கூட்டத்தைப் பார்த்து ‘உங்களால் முடியும்’ என்று சொல்வது பேச்சாளர் வேலை, சொந்தக்காரர் வேலை அல்ல.

‘ஹேங் இன் தேர்’ பற்றி ஒரு வார்த்தை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு பூனைக்குட்டி மூங்கில் கழியைப் பிடித்துத் தொங்கும் போஸ்டர் இந்தத் தொடரோடு வந்து எங்கு பார்த்தாலும் ஒட்டப்பட்டது. அதிலிருந்து அந்த நாட்டுக்காரர் காதில் இந்தச் சொல்லோடு ஒரு லேசான சிரிப்பும் சேர்ந்தே வருகிறது. நமக்கு ‘தொங்கு’ என்ற வினையைப் பக்கத்தில்கூட விட முடியாது. ஒரு காரியம் தொங்கலில் இருக்கிறது என்றால் முடியாமல் கிடக்கிறது என்று பொருள், ஆளைச் சேர்த்துச் சொன்னால் அதைவிட மோசம். ஆகவே அந்தப் படிமத்தைத் தேடாதீர்கள். அதில் இருக்கும் ‘பிடியை விடாதே’ என்கிற கருத்து மட்டும் நமக்கு வேண்டும், அதற்கு நம்மிடம் அருமையான ஒன்று இருக்கிறது, கீழே வருகிறேன்.

முதலில் ‘பாத்துக்கலாம்’. தமிழில் ஆறுதலுக்கு இதைவிட அதிகம் புழங்கும் சொல் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். வேலை போனவனிடம், கல்யாணம் நின்ற வீட்டில், ரிசல்ட் வந்த அன்று, எல்லா இடத்திலும் இது வருகிறது. ‘லாம்’ என்று முடியும்போது நானும் நீயும் சேர்ந்து என்ற அர்த்தம் தானாக வந்துவிடுகிறது. நாம், நாங்கள் என்று இரண்டு ‘நாம்’ வைத்திருக்கிற மொழி இது, அந்த வேறுபாடு ஆறுதல் சொல்லும்போதுதான் நன்றாகத் தெரியும். “நாங்க பாத்துக்கறோம்” என்றால் நீ ஒதுங்கிக்கொள், செலவோ அலைச்சலோ எங்கள் பொறுப்பு. “நாம பாத்துக்கலாம்” என்றால் நீயும் இருக்கிறாய், ஆனால் தனியாக இல்லை. “பாத்துக்கோ” என்றால் உன் பாடு. “பாத்துக்கறேன்” என்பதைக் குரலை உயர்த்திச் சொன்னால் மிரட்டல். இவ்வளவும் ஒரே வினைதான், ஆளைக் காட்டும் கடைசி அசை மட்டும் மாறுகிறது.

நடுவில் இருக்கும் அந்த ‘த்து’வை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் வேடிக்கை. “பாக்கலாம்” என்று ஒருவர் சொன்னால் அந்தக் காரியம் அநேகமாக நடக்காது. கடன் கேட்டுப் போனவருக்கும், சம்பள உயர்வு கேட்டவருக்கும் இது நன்றாகத் தெரியும். “பாத்துக்கலாம்” கையைப் பிடித்துக்கொள்வது, “பாக்கலாம்” மரியாதையாக நழுவுவது. எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போது ‘பார்க்கலாம்’ என்று சுருக்கிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பது நீளம்தான், ஆனால் சுருக்கினால் பொருளே திரும்பிவிடும்.

சரி, உங்கள் செயலிக்கு ‘பார்த்துக்கொள்ளலாம்’ ஒத்துவருமா? அநேகமாக வராது. இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். “நாங்க இருக்கோம்” என்று சொல்ல யாராவது நிஜமாக இருக்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு வலியோடு திரையைப் பார்க்கிற ஒருவரிடம் செயலி ‘நாங்கள் உங்களோடு இருக்கிறோம்’ என்றால், யார் இருக்கிறீர்கள், கூப்பிட்டால் வருவீர்களா என்று கேட்கத் தோன்றும். ஆங்கிலத்தில் இவை யாரும் யாரிடமும் சொல்லக்கூடிய தொடர்கள், கோப்பையில் அச்சடித்து விற்கிறார்கள். தமிழில் ஆறுதலுக்குப் பின்னால் ஓர் உறவு நிற்க வேண்டும். அதனால் செயலி யாருடைய குரலில் பேசுகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். என் யோசனை, பிசியோதெரபிஸ்ட் குரல். மகள் குரலோ பேரன் குரலோ வைத்து ‘அம்மா’, ‘தாத்தா’ என்று கூப்பிட ஆரம்பித்தால் ஐம்பது வயதில் ஆபரேஷன் செய்துகொண்டவர் செயலியையே தூக்கிப் போட்டுவிடுவார். பிசியோதெரபிஸ்டுக்குப் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிற உரிமை இருக்கிறது, அவர் பேச்சில் உறவுமுறை இல்லாமலே நெருக்கம் வரும்.

அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஆபரேஷன் முடிந்ததும் ஆரம்பத்திலேயே கொடுக்கிற பயிற்சி ஒன்று: காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, முட்டியின் பின்பக்கத்தைக் கட்டிலோடு அழுத்தி, தொடைத் தசையை இறுக்கி, 5 நொடி பிடித்து விட வேண்டும். 10 தடவை. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், புதிதாகத் தைத்த முட்டிக்கு அந்த 5 நொடி பெரிய விஷயம். அப்போது அவர் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “அழுத்துங்க... அப்படித்தான்... விட்டுடாதீங்க... இன்னும் கொஞ்சம்... அவ்ளோதான்... முடிஞ்சுது, விடுங்க.”

இதில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ‘விட்டுடாதீங்க’, இதுதான் நான் மேலே சொன்ன அருமையான ஒன்று. உடம்பால் பிடித்திருப்பதையும் குறிக்கும், மனசால் கைவிடாமல் இருப்பதையும் குறிக்கும். பயிற்சிக்கு நடுவில் வருகிற ‘ஹேங் இன் தேர்’ அத்தனைக்கும் இதைப் போடலாம், எழுத்தில் ‘விட்டுவிடாதீர்கள்’. இன்னொன்று ‘முடிஞ்சுது’. இன்னும் ஒரு நொடி பாக்கி இருக்கும்போதே இறந்த காலத்தில் சொல்லிவிடுகிறார். ஊசி போடும் நர்ஸ் ஊசி உள்ளே இருக்கும்போதே “முடிஞ்சுபோச்சு, முடிஞ்சுபோச்சு” என்பதும், தெருமுனையில் இருந்துகொண்டு போனில் “வந்துட்டேன்” என்பதும் இதே வழக்கம்தான். நடக்கப்போவது உறுதி என்றால் தமிழில் அதை நடந்ததாகவே சொல்லலாம். வலியில் இருப்பவருக்கு இதைப் போலத் தெம்பு கொடுப்பது வேறு இல்லை. உங்கள் செயலியில் நொடி எண்ணிக்கை கீழே இறங்குகிறது என்றால் 5, 4 வரும்போது ‘விட்டுவிடாதீர்கள்’, 2 வரும்போது ‘அவ்வளவுதான்’, 1-இல் ‘முடிந்தது’. ஆங்கில மூலத்தில் அந்த மூன்று இடத்திலும் ஒரே தொடர் இருந்தாலும் கவலை இல்லை, தயாரிப்பாளரிடம் சொல்லி மூன்றாகப் பிரித்து வாங்குங்கள். பிரிக்க முடியாது என்றால் ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று ஒன்றே போட்டுவிடுங்கள், அது எந்த நொடிக்கும் பொருந்தும்.

‘இன்னும் கொஞ்சம்தான்’, ‘அப்படித்தான்’, ‘அவ்வளவுதான்’ இவற்றில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இவற்றில் வினை விகுதி கிடையாது. நம் மொழியில் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் அதிகமாகத் தெரிவது வினையின் வாலில்தான். ‘செய்யுங்கள்’ என்றால் அறிவிப்புப் பலகை, ‘செய்யுங்க’ என்றால் பக்கத்து வீட்டுக்காரர். செயலி முழுக்க எழுத்துத் தமிழில் இருக்கும்போது தைரியம் சொல்லும் வரியில் மட்டும் திடீரென்று பேச்சுக்கு இறங்கினால் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும், இறங்காவிட்டாலோ மேடைப் பேச்சு. வால் இல்லாத சொற்களை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை, இரண்டு பக்கமும் ஒட்டும். ‘பரவாயில்லை’, ‘நல்லது’, ‘போதும், இன்றைக்கு இது போதும்’, ‘மெதுவாக, மெதுவாக’ எல்லாம் இந்த வகை. ‘சபாஷ்’ வேண்டாம், வயதானவரிடம் சொன்னால் குழந்தைக்குச் சொல்வது போல ஆகிவிடும்.

இப்போது ‘உங்களால் முடியும்’. இதில் தமிழ் பிழை இல்லை, இலக்கணப்படி சுத்தம். ஆனால் இரண்டு சங்கடம் இருக்கிறது. ஒன்று, நோயாளி விஷயத்தில் ‘முடி’ என்ற வினை ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. “உடம்பு முடியலை”, “அவங்க முடியாதவங்க”, “நடக்க முடியலைம்மா”, வீட்டில் காலையிலிருந்து புழங்குகிற சொல் இதுதான். வலியைச் சொல்வதற்கே அவர் பயன்படுத்துகிற வினையைத் திருப்பி ‘உங்களால் முடியும்’ என்று நீட்டினால், அவர் சொன்னதை மறுப்பது போலக் கேட்கும். நான் முடியவில்லை என்கிறேன், நீ முடியும் என்கிறாயா என்று. இரண்டாவது சங்கடம் நுட்பமானது. முடியும் என்று ஒருவர் உறுதி சொல்லும்போது, முடியுமா என்ற கேள்வி அவர் மனதில் ஒருமுறை வந்துபோயிருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. நெருங்கினவர்கள் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கே இடம் கொடுப்பதில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் “நல்லா எழுதுவ, போ” என்பார்கள். இண்டர்வியூவுக்குக் கிளம்புகிறவனிடம் “கிடைச்சிடும்டா” என்பார்கள். முடியுமா முடியாதா என்பதைத் தாண்டி, நடக்கப்போவதையே எதிர்காலத்தில் சொல்லிவிடுவது. என்ன காரியம் என்பதையும் பெயர் சொல்லிச் சொல்வார்கள்: எழுதுவ, ஓட்டுவ, பேசிடுவ. ஆங்கிலத்தில் ‘திஸ்’ என்று பொத்தாம்பொதுவாக இருப்பது நமக்குச் சரிப்படாது.

இந்த எதிர்காலத்தில் ‘விடு’ சேர்ந்தால் இன்னும் பலம். ‘சரியாகும்’ என்று டாக்டர் சொன்னால், எப்போது, எவ்வளவு தூரம் என்று கேட்கத் தோன்றும். ‘சரியாகிவிடும்’ என்றால் கதவு சாத்தின மாதிரி. ‘நடப்பீர்கள்’ தகவல், ‘நடந்துவிடுவீர்கள்’ தைரியம். செயலியில் ‘யூ ஹாவ் காட் திஸ்’ பயிற்சிக்கு முன்னால் வரும் இடத்தில் அன்றைய காரியத்தைப் பெயர் சொல்லுங்கள். குதிகாலைக் கட்டிலில் வழுக்கிக்கொண்டு முட்டியை மடக்கும் பயிற்சி என்றால், ‘நேற்று மடங்கிய அளவு இன்றைக்கும் மடங்கிவிடும். மெதுவாக ஆரம்பிக்கலாம்.’ இதில் ‘ஆரம்பிக்கலாம்’ என்ற ‘லாம்’ பிசியோதெரபிஸ்ட் குரலுக்குப் பொருந்துகிறது, அவரும் சேர்ந்துதான் எண்ணப்போகிறார். மடக்குவதில் முதல் குறி 90 டிகிரி, அதாவது சாதாரண நாற்காலியில் உட்காரும்போது முட்டி நிற்கும் கோணம். அதை எட்டுகிற நாளில் ‘சாதனை’, ‘வெற்றி’ எல்லாம் வேண்டாம். ‘இனி நாற்காலியில் தாராளமாக உட்காரலாம்’ என்று போடுங்கள். அவர் காத்திருந்தது அதற்குத்தான்.

பெரியவர்களுக்குத் தைரியம் சொல்வது தனிக் கலை. அப்பாவிடம் போய் “உங்களால முடியும்பா” என்று சொன்னால், இவன் எனக்குச் சொல்ல வந்துட்டான் என்று முகம் போகும். அதற்கு நம்மிடம் கேள்வி வடிவம் இருக்கிறது. “நீங்க பாக்காததா?” “இதெல்லாம் உங்களுக்கு ஒரு விஷயமா?” “அந்தக் காலத்துல நீங்க நடக்காத நடையா?” பதில் வராத கேள்விகள், கேட்கிறவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கேட்கிற மாதிரி அமைந்தவை. கேட்டதும் பெரியவர் முகத்தில் லேசாக ஒரு பெருமை வரும், சிலர் அந்தக் காலத்துக் கதையையே ஆரம்பித்துவிடுவார்கள், அது முடிவதற்குள் பயிற்சியும் முடிந்துவிடும். என் கணக்கில் வயதானவர்களிடம் ‘யூ ஹாவ் காட் திஸ்’ என்பதற்கு மிக நெருக்கமானது இந்தக் கேள்விதான். செயலியில் போட முடியாது, ஏனென்றால் எதிரில் இருப்பவர் வயதும் வாழ்க்கையும் தெரியாது. ஆனால் குடும்பத்தார் பகுதி என்று ஒன்று இருந்து, வீட்டில் என்ன சொல்லலாம் என்று யோசனை சொல்கிற இடம் வந்தால், அங்கே இதை அவசியம் சேருங்கள். இளவட்டங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற ‘கலக்கு’, ‘பின்னு’, ‘தட்டித் தூக்கு’ எல்லாம் முட்டி ஆபரேஷன் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு நாள் விட்டுப்போனவர் விஷயத்துக்கு வருவோம். இங்கே ‘விட்டுவிடாதீர்கள்’ போட்டால் அதே சொல் திட்டாக மாறிவிடும், ஏனென்றால் அவர் ஏற்கெனவே விட்டுவிட்டார். நம் ஆட்கள் இந்த இடத்தில் “விட்டது போகட்டும்” என்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அதை அப்படியே கீழே போட்டுவிடுகிற சொல் அது. ‘விட்டது போகட்டும். இன்றைக்கு ஐந்து தடவை மட்டும் செய்யலாம்.’ எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வது முக்கியம். குறைத்துச் சொல்வதே தைரியம்தான், எவ்வளவு இனிமையான வாக்கியம் எழுதினாலும் பத்து என்பது ஐந்தாகும்போது வருகிற ஆசுவாசம் அதில் வராது. இதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்ய முடியாது, மருத்துவக் குழுவைக் கேட்டுத்தான் போட வேண்டும். கேளுங்கள், தப்பில்லை.

வேண்டாம் என்று நான் நினைப்பவை சில. ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ பழமொழி, பார்வைக்கு ‘ஹேங் இன் தேர்’ போலவே இருக்கும். ஆனால் புகுந்த வீட்டில் அடிபட்டு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பும்போது சொன்ன பழமொழிகளில் இதுவும் ஒன்று. கேட்கிற பெண்மணிக்கு எது ஞாபகம் வரும் என்று நமக்குத் தெரியாது. ‘இதுவும் கடந்து போகும்’ வெளியிலிருந்து வந்து இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குடியேறிவிட்டது. தமிழில் நன்றாகவே உட்கார்ந்துவிட்டதால் அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அதைப் போடுகிறவர் பெரும்பாலும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அடுத்தவர் வலிக்குச் சொன்னால் கொஞ்சம் அலட்சியமாகக் கேட்கும். ‘பயப்படாதீர்கள்’ வேண்டவே வேண்டாம். பயப்படாமல் இருந்தவருக்கும் அதைப் படித்ததும், பயப்பட என்ன இருக்கிறது என்று யோசனை ஓடும். ‘ஒன்றும் ஆகாது’ என்பதும் அப்படித்தான். நல்லதைச் சொல்லி ஆறுதல் தரும் ‘நல்லபடியாக’ என்ற சொல் இருக்கும்போது கெட்டதை எடுத்து மறுப்பானேன்? ஆபரேஷனுக்கு முன்னால் வருகிற திரைகளில் ‘நல்லபடியாக முடித்துவிட்டு வாருங்கள்’ என்று போடலாம். ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்லிப் பழகிய ஆட்கள் நாம், திரும்பி வருவது அந்த ‘வாருங்கள்’ என்பதிலேயே இருக்கிறது.

சாமி பெயர் பற்றியும் கேட்பீர்கள். வீட்டில் ‘யாமிருக்க பயமேன்’ என்ற முருகன் படம் மாட்டியிருப்பவருக்கு அந்த வரிக்கு இணையாக எந்தச் செயலியும் எழுத முடியாது. ஆனால் பயனர்களில் முஸ்லிம் இருப்பார், கிறிஸ்தவர் இருப்பார், சாமியே வேண்டாம் என்பவரும் இருப்பார். அதை வீட்டுக்காரர்களிடம் விட்டுவிடுங்கள், அவர்கள் எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள்.

இலங்கையிலும் இந்தச் செயலி போகிறது என்றால் ஒரு சொல்லில் ஜாக்கிரதை. யாழ்ப்பாணப் பக்கம் “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ” என்றால் கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம், அங்கே அதைவிட இதமான ஆறுதல் கிடையாது. அதையே தமிழ்நாட்டில் ‘யோசிக்காதீர்கள்’ என்று போட்டால், தயங்காமல் செய் என்றோ சிந்திக்காதே என்றோ ஆகிவிடும். பொதுவாக இருக்க வேண்டும் என்றால் நான் முன்பு சொன்ன வால் இல்லாத சொற்கள் இரண்டு கரைக்கும் பொருந்தும்.

கடைசியாக, வலி ‘ரொம்ப’ என்று அழுத்தியவருக்கு. ஆங்கில மூலத்தில் இங்கேதான் ‘ஹேங் இன் தேர்’ கட்டாயம் இருக்கும், இங்கேதான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் இந்த நேரத்தில் வாக்கியம் எதுவும் பேசப்படுவதில்லை, கேள்விதான் வரும். “மாத்திரை போட்டியா?” “சாப்பிட்டியா?” “காலைக் கொஞ்சம் தூக்கி வெச்சுக்கோ, தலகாணி தரட்டுமா?” இதுதான் நம் ஆறுதல், ஒரு காரியத்தோடு சேர்ந்தே வரும். செயலியிலும் அதையே செய்யுங்கள்: ‘மாத்திரை நேரத்துக்குப் போட்டீர்களா? துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைத்துப் பாருங்கள். காலை உயர்த்தி வைக்கும்போது தலையணை குதிகாலுக்கு அடியில் இருக்கட்டும், முட்டிக்கு அடியில் வேண்டாம்.’ அந்தக் கடைசி வரி முக்கியம். பாசத்தில் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிடுவார்கள், சுகமாகவும் இருக்கும், ஆனால் முட்டி மடங்கியே கிடந்தால் பிறகு முழுதாக நீட்ட வராமல் போகலாம்.

இதே திரையில் ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் வயதான பெண்கள் ஏற்கெனவே எல்லா வலியையும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், மகனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று காலை வரை சொல்லாமல் படுத்திருப்பார்கள். முட்டி மாற்றிய பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், காய்ச்சலோ தையல் இடத்தில் நீர் கசிவோ இருந்தால் கிருமி ஏறியிருக்கலாம், மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. தைரியம் சொல்லும் வரிக்கு முன்னால் இந்தக் கேள்விகள் வர வேண்டும். இவற்றில் எதற்காவது ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் தைரியம் சொல்லும் வரியே திரையில் வரக்கூடாது என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். அந்தத் திரையில் ‘இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் இருப்பவரை உடனே எழுப்புங்கள்’ என்று போட்டு, அடியில் ஆஸ்பத்திரி எண்ணும் 108-ம் இருந்தால் போதும். ‘எழுப்புங்கள்’ என்பதை மாற்றிவிடாதீர்கள். ‘தெரிவியுங்கள்’ என்று போட்டால் விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள்.